எல்லாரும் கட்டவில்லை என்றால் எத்தனை பேர் கட்டவில்லை?

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், மின்மீட்டர்ப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. தண்ணீர் லாரி வரும் நேரம், லிஃப்ட் பழுது, காணாமல் போன சாவிக்கொத்து என்று ஏதாவது ஒன்று அதில் தொங்கிக்கொண்டிருக்கும். யாரும் நின்று படிப்பதில்லை. ஆனால் சென்ற ஆண்டு சங்கச் செயலாளர் தம் கைப்பட எழுதி ஒட்டிய இரண்டு வரியை எல்லாரும் நின்று படித்தார்கள். "எல்லா வீட்டுக்காரர்களும் இந்த மாதப் பராமரிப்புத் தொகையைச் செலுத்தவில்லை. ஆகவே மோட்டார் பழுதுபார்க்கும் வேலை தள்ளிவைக்கப்படுகிறது." இரண்டாம் மாடியில் ஓர் அம்மா இருக்கிறார். மாதம் பிறந்ததும் முதல் வேலையாகப் பணத்தைக் கட்டி, ரசீதையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்பவர். அவர் அதைப் படித்துவிட்டு நேராகப் போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார். "நான் கட்டிவிட்டேனே! எல்லாரும் கட்டவில்லை என்று எழுதினால் என்ன அர்த்தம்? நானும் அதில் சேர்த்திதானா?" செயலாளர் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியே ஓய்வு பெற்றவர், அசைந்துகொடுக்கவில்லை. "அம்மா, எல்லாரும் கட்டவில்லை என்றுதான் எழுதியிருக்கிறேன். யாருமே கட்டவில்லை என்று எழுதவில்லையே" என்றார்.

நான் ஒரு பத்திரிகையில் மெய்ப்புத் திருத்துகிறவன். குடியிருப்பில் இது தெரியும் என்பதால் மாலையில் வழக்கு என் வாசலுக்கு வந்துவிட்டது. 16 வீடுகளில் 11 பேர் கட்டியிருந்தார்கள் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த வாக்கியம் 11 பேரையும் கட்டாதவர்கள் பட்டியலில் சேர்க்கிறதா, சேர்க்கவில்லையா என்பதுதான் கேள்வி. படித்துப் பார்த்தேன். அம்மா சொன்ன பொருளும் வந்தது, செயலாளர் சொன்ன பொருளும் வந்தது. தப்பித்துக்கொள்ளும் பதிலைச் சொல்லி அனுப்பிவைத்தேன். ஆனால் 'வீட்டுக்காரர்களும்' என்பதில் இருக்கும் அந்த உம் என்னை விடவில்லை.

இலக்கணம் யார் பக்கம்

நன்னூல் உம் என்ற இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கிறது: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். பள்ளியில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியதோடு நம்மில் பெரும்பாலோர் அதைக் கைகழுவிவிட்டோம். இந்த வழக்குக்கு வேண்டியவை இரண்டுதான். எச்சம் என்பது 'இவனும் வந்தான்' என்னும்போது வருவது. சொல்லாமல் விட்ட இன்னொருவன் அங்கே மிச்சமாக நிற்கிறான். முற்று என்பது 'எல்லாரும் வந்தார்கள்' என்னும்போது வருவது. மிச்சமே இல்லை, தொகை முழுதும் முடிந்துவிட்டது. இரண்டும் நேர் எதிர். ஒன்று வெளியே ஆள் இருக்கிறது என்கிறது, மற்றது வெளியே ஆளே இல்லை என்கிறது. இப்படி எதிரும் புதிருமான இரண்டு வேலைகளையும் ஒரே உம் எப்படிச் செய்கிறது என்று வியக்கலாம். நன்னூலை எழுதிய பவணந்தியார் அதற்கு மேலும் ஒரு படி போகிறார். எட்டையும் அடுக்கிவிட்டு, அடுத்த நூற்பாவிலேயே "முற்றும்மை ஒரோவழி எச்சமும் ஆகும்" என்கிறார். 'எல்லாரும் வந்திலர்' என்றால் சிலர் வந்தார்கள் என்ற எச்சம் பிறக்கிறது. எதிர்மறை வினை வந்ததும், முழுதாக மூடியிருந்த தொகையில் ஒரு விரிசல் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் செயலாளர் பக்கம்தான் நியாயம் என்று நூற்பாவைப் படித்த அன்று முடிவுகட்டினேன். இதே செய்தியைத் தொல்காப்பியர் இடையியலில் முன்பே சொல்லியிருக்கிறார்: "முற்றிய உம்மைத் தொகைச்சொல் மருங்கின் எச்சக் கிளவி உரித்தும் ஆகும்." உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு பத்து என்ற எண்ணை வைத்து நடக்கிறது. பத்தையும் கொடுக்காதே என்றால் சிலவற்றைக் கொடு என்ற குறிப்பு அதற்குள் இருக்கிறது. தொல்காப்பியம், நன்னூல் இரண்டும் ஒரே குரலில் சொன்ன பிறகு மேல்முறையீடு எங்கே?

மேல்முறையீடு அந்த நூற்பாக்களுக்குள்ளேயே இருந்தது. திரும்பத் திரும்ப வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. தொல்காப்பியர் 'உரித்து ஆகும்' என்று எழுதவில்லை, 'உரித்தும் ஆகும்' என்று எழுதியிருக்கிறார். பவணந்தியார் 'எச்சம் ஆகும்' என்று எழுதவில்லை, 'எச்சமும் ஆகும்' என்று எழுதியிருக்கிறார். அதோடு நில்லாமல் ஒரோவழி, அதாவது சில இடங்களில் மட்டும், என்றும் வரம்பு கட்டியிருக்கிறார். உம்மைப் பற்றிய விதியை உம் போட்டே எழுதியிருக்கிறார்கள். 'வருதற்கும் உரியன்' என்றால் வராமலும் போகலாம் என்பது போல, 'எச்சமும் ஆகும்' என்றால் ஆகாமலும் போகலாம். எல்லாரும் கட்டவில்லை என்பதற்குச் சிலர் கட்டினார்கள் என்ற பொருளும் உண்டு, ஒருவருமே கட்டவில்லை என்ற பொருளும் உண்டு. இலக்கணம் அந்த அம்மாவையும் கைவிடவில்லை. அவர் படித்த பொருளும் அந்த வாக்கியத்தில் இருக்கிற பொருள்தான்.

பேச்சில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. 'எல்லாரும்' என்பதை அழுத்தி, உம்மில் குரலைக் கொஞ்சம் மேலே தூக்கி நிறுத்திவிட்டுக் 'கட்டவில்லை' என்று முடித்தால், பாதிப் பேராவது கட்டினார்கள் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். குரலை ஏற்றாமல் ஒரே சீராகச் சொன்னால் ஒருவரும் கட்டவில்லை என்று ஆகும். பலகையில் ஒட்டிய தாளுக்குக் குரல் கிடையாது. அதனால் எழுதுகிறவர் குரல் செய்யும் வேலையைச் சொல்லிடம் ஒப்படைக்க வேண்டும். ஒருவரும் இல்லை என்பதுதான் கருத்து என்றால் வழி எளிது: 'யாரும் செலுத்தவில்லை' என்றோ, இன்னும் அடித்துச் சொல்ல வேண்டுமானால் 'யாருமே' என்றோ எழுதலாம். யார், எவர், எது போன்ற வினாச்சொல்லோடு உம் சேர்ந்து, பின்னால் இல்லை வந்தால் அங்கே விரிசலுக்கு இடமே கிடையாது. 'எல்லாருமே செலுத்தவில்லை' என்று ஏகாரத்தைச் சேர்த்தாலும் பொருள் அந்தப் பக்கமே சாய்கிறது.

சிலர் கட்டினார்கள், சிலர் கட்டவில்லை என்பதுதான் கருத்து என்றால்? 'சிலர் செலுத்தவில்லை' என்று எழுதலாமே என்று தோன்றும். செயலாளருக்கு அது பிடிக்கவில்லை. சிலர் என்றால் விரல் நீட்டுவது போல இருக்கிறதாம். தமிழில் இதற்கு வேறொரு நயமான வழி இருக்கிறது: 'எல்லாரும் செலுத்திவிடவில்லை.' விடு என்ற துணைவினை வந்ததும் ஐயம் முழுக்கத் தீர்ந்துவிடுகிறது. அந்த வாக்கியத்தை ஒருவருமே செலுத்தவில்லை என்று யாராலும் படிக்க முடியாது. விடு முடிந்துபோனதைக் குறிப்பது. இல்லை என்ற மறுப்பு அந்த முடிவைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. செலுத்துவது நடக்கிறது, முற்றுப்பெறவில்லை என்று ஆகிறது. 'எல்லாத் தேர்வும் கடினமாக இருந்துவிடவில்லை', 'எல்லாப் பணக்காரர்களும் நிம்மதியாக இருந்துவிடவில்லை' என்று நாம் யோசிக்காமலேயே எழுதுகிறோம். கடைசியில் செயலாளர் இதையும் ஏற்கவில்லை. '5 வீடுகள்' என்று எண்ணைப் போட்டு எழுதி ஒட்டினார். விரல் நீட்டுவதை விட அது எந்த வகையில் நயமானது என்று நான் கேட்கவில்லை.

நீல யானைக்கும் உம் வேண்டும்

எண்ணைப் போட்டாலும் உம் விடுவதில்லை. வீட்டைக் காலி செய்யும்போது எழுதும் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'மூன்று சாவிகளைப் பெற்றுக்கொண்டேன்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்டால், பெற்றது மூன்று என்பது மட்டும் உறுதி. நான்காவது சாவி ஒன்று இருந்து அது திரும்பி வரவில்லை என்று அவர் பிறகு சொல்ல இடம் இருக்கிறது. 'மூன்று சாவிகளையும் பெற்றுக்கொண்டேன்' என்றால் சாவியே மொத்தம் மூன்றுதான், மூன்றும் வந்துவிட்டன. ஒரு சின்ன உம்மில் கணக்கு தீர்ந்துவிடுகிறது. குடியிருப்பவர் இரண்டாவதைக் கேட்டு வாங்க வேண்டும்; வீட்டுக்காரர் முதலாவதை எழுதப் பார்ப்பார்.

இதுவும் இன்று நேற்று வந்த நுட்பம் அல்ல. தொகை இவ்வளவு என்று முன்பே தெரிந்த பொருளைச் சொல்லும்போது உம் கட்டாயம் வேண்டும் என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா இருக்கிறது: "இனைத்தென அறிந்த சினைமுதற் கிளவிக்கு வினைப்படு தொகுதியின் உம்மை வேண்டும்." ஒருவனுக்குக் கண் இரண்டு என்பது ஊருக்கே தெரியும். ஆகவே 'கண் இரண்டும் நொந்தன' என்றுதான் சொல்ல வேண்டும். 'கண் இரண்டு நொந்தன' என்றால், மற்ற கண்கள் நன்றாக இருக்கின்றன என்று ஆகிவிடும். மூவேந்தர் வந்ததைச் சொல்வதற்கும் இதே விதிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அடுத்த நூற்பா. "மன்னாப் பொருளும் அன்ன இயற்றே" என்கிறார் தொல்காப்பியர். உலகத்தில் இல்லாத பொருளைச் சொல்லும்போதும் உம் வேண்டுமாம். உரையில் வரும் எடுத்துக்காட்டு: "பவளக்கோட்டு நீல யானை சாதவாகனன் கோயிலுள்ளும் இல்லை." பவளத்தால் ஆன தந்தம் உடைய நீல நிற யானை, எல்லாச் செல்வமும் குவிந்து கிடக்கும் சாதவாகனனுடைய அரண்மனையிலும் இல்லை. அந்த உம்மை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். 'சாதவாகனன் கோயிலுள் இல்லை' என்றால் உடனே, சரி, வேறு எங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். உம் போனதும் இல்லாத யானைக்கு உயிர் வந்துவிடுகிறது. வேறெங்கோ ஒரு கொட்டிலில் அது தீனி தின்றுகொண்டிருக்கிறது. அங்கேயும் இல்லை என்றால்தான் எங்கேயும் இல்லை.

ஏகாரத்தின் மேல் விழும் கத்தி

உம் கதவைத் திறந்து இன்னொருவரை உள்ளே விடுகிறது என்றால், ஏ மற்றவரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிறது. பிரிநிலை ஏகாரம் என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு குறள் போதும்: "அறத்தான் வருவதே இன்பம்மற் றெல்லாம் புறத்த புகழும் இல." அறத்தால் வருவதே இன்பம் என்று ஏகாரம் போட்டவுடன் மற்ற வழிகளில் வரும் இன்பம் அத்தனையும் வாசலுக்கு வெளியே போய்விட்டது. அடுத்துப் 'புகழும் இல' என்கிறார். அங்கே உம் எதைக் கூட்டிக்கொண்டு வருகிறது? இன்பம் இல்லை என்பது ஏகாரத்திலேயே முடிந்துவிட்ட செய்தி. அதனோடு புகழும் இல்லை. ஏகாரம் சொல்லாமல் சொன்னதை எடுத்து உம் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்கிறது. ஏகாரம் இல்லாவிட்டால் 'புகழும்' என்பதில் உள்ள உம்முக்குத் துணை கிடையாது.

நான் வேலை கற்ற இடத்தில் மூத்தவர் ஒருவர் ஏகாரத்தைக் கண்டால் சிவப்பு மையால் அடிப்பார். "வெறும் அசை. வாக்கியத்தைக் கொழுக்க வைக்கும்" என்பார். செய்யுளின் இறுதியில் வரும் ஈற்றசைக்கு அது பொருந்தும். உரைநடையில் பெயர்ச்சொல்லோடு ஒட்டிய ஏகாரம் பெரும்பாலும் அசை அல்ல. 'மருத்துவரே ஊசி போட்டார்' என்ற வாக்கியத்தில் செவிலியர் போடவில்லை, அவர் தம் கையால் போட்டார் என்பதுதான் செய்தி. அடித்துவிட்டால் மிஞ்சுவது தினமும் நடக்கும் சாதாரணக் காரியம். 'மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்' என்றால் வேறு யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. 'மருத்துவரே பயந்துவிட்டார்' என்றால்? இங்கே 'தாமே' என்றும் வராது, 'அவர் மட்டும்' என்றும் வராது. பயப்படக்கூடாதவரே பயந்தார், மற்றவர்கள் எம்மாத்திரம் என்று வருகிறது. கதவைச் சாத்தும் ஏகாரம் இங்கே எல்லாரையும் உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிறது. எது எந்தப் பொருள் என்பதை வினைதான் முடிவு செய்கிறது.

இந்த மூன்றாவது ஏகாரத்துக்கு, நன்னூல் ஏகாரத்துக்குத் தரும் ஆறு பொருள்களில் நேரான பெயர் இல்லை. தேற்றம் என்று இழுத்துப் பொருத்தலாம், ஆனால் முழுதாகப் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஏன் பெயர் இல்லை என்று யோசித்தால், பழந்தமிழில் இந்த வேலையைச் செய்தது உம் என்பது தெரிகிறது. மலைபடுகடாத்தில் "குறவரும் மருளும் குன்றத்து" என்று வரும். மலையிலேயே பிறந்து வளர்ந்த குறவரும் வழி தெரியாமல் மயங்கும் குன்றம், சிறப்பும்மை. "ஊழையும் உப்பக்கம் காண்பர்" என்ற குறளிலும் அதே உம்தான். இன்றைக்கு இவற்றை உரைநடையில் எழுதுகிறவர் 'குறவர்களே திகைத்துப்போகும் மலை', 'விதியையே புறங்காட்டி ஓட வைப்பார்கள்' என்று ஏகாரம் போட்டுத்தான் எழுதுவார். இல்லாவிட்டால் 'கூட' என்று சேர்ப்பார். 'குறவரும் மருளும்' என்று படிக்கும் இளைய வாசகர், மற்றவர்களோடு குறவர்களும் மருண்டார்கள் என்று சப்பென்று புரிந்துகொள்ளக்கூடும். ஏகாரத்தை அடித்துத் தள்ளும் திருத்துநர் பழைய சிறப்பும்மை குடிபுகுந்திருக்கும் வீட்டைத்தான் இடிக்கிறார்.

வினைமுற்றில் ஒட்டும் ஏகாரம் இன்னொரு ரகம். கடையில் நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டால் 'இல்லை' என்று சொல்கிறவரும் உண்டு, 'இல்லையே' என்று சொல்கிறவரும் உண்டு. இரண்டாமவரிடம் மறுபடியும் போவோம். உங்களுக்கு ஏமாற்றம் என்று எனக்குத் தெரிகிறது என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லிவிடுகிறது. அதே ஏகாரம் 'நான் சொன்னேனே' என்பதில் சண்டைக்கு நிற்கும்.

உட்கார இடம் இல்லாத உம்

ஏகாரம் வினைமுற்றில் ஏறி உட்காரும், உம் உட்காராது. 'பாடினானே' உண்டு, 'பாடினானும்' கிடையாது. பாடினான், அதோடு ஆடினான் என்பதற்கு 'ஆடவும் செய்தான்' என்று சுற்றி வர வேண்டும். அதேபோல் 'என் அண்ணனுடையும் கடை' என்று சொல்ல முடியாது. உம் அண்ணனுக்கு உரியதானாலும் அது நகர்ந்து போய்க் கடையின் வாலில்தான் ஒட்டிக்கொள்ள வேண்டும்: 'என் அண்ணன் கடையும் மழையில் நனைந்தது.' பக்கத்துக் கடைகளோடு அண்ணன் கடையும் நனைந்ததா, அண்ணனுடைய வீட்டோடு கடையும் நனைந்ததா என்பது எழுதியவருக்குத்தான் வெளிச்சம். மெய்ப்புத் திருத்துகிறவனுக்கு அதிகம் வேலை வைப்பது இந்த இடம்.

ஒருநாள் இரவு, பக்கம் முடியும் நேரத்தில் ஒரு செய்தி வந்தது. அதில் "அரசியல் பிரமுகரின் மகன் வீட்டிலும் சோதனை நடந்தது" என்று ஒரு வரி. உம் கடைசியில் நிற்கிறது, ஆனால் அது எதற்குச் சொந்தம்? பிரமுகர் வீட்டில் நடந்து, மகன் வீட்டிலும் நடந்ததா? மகனுடைய அலுவலகத்தில் நடந்து, வீட்டிலும் நடந்ததா? வேறொரு பிரமுகரின் மகன் வீட்டில் நடந்து, இவர் மகன் வீட்டிலும் நடந்ததா? மூன்றும் மூன்று வேறு செய்திகள், மூன்றுக்கும் வாக்கியம் ஒன்றே. இப்படிப்பட்ட இடத்தில் உம்மின் ஜோடியைப் பக்கத்திலேயே எழுதிவிடுவதுதான் வழி: 'பிரமுகரின் வீட்டிலும் அவருடைய மகன் வீட்டிலும்' என்று. ஜோடி எது என்று தெரிந்துகொள்ளச் செய்தியாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். "தம்பி, மகன் வீட்டிலும் என்று இருக்கிறது. வேறு எங்கே நடந்தது?"

"வேறு எங்கும் நடக்கவில்லை சார். மகன் வீட்டில் மட்டும்தான்."

"பிறகு உம் எதற்கு?"

"வாக்கியம் கொஞ்சம் வெறுமையாக இருந்தது சார். அதனால் போட்டேன்."

அடித்துவிட்டுப் பக்கத்தை அனுப்பினேன். அது அப்படியே அச்சேறியிருந்தால், யாரும் காலெடுத்து வைக்காத ஒரு வீட்டில் சோதனை நடந்ததாக ஊர் முழுக்கப் படித்திருப்பார்கள். மறுநாள் மறுப்பு வந்தால், எந்த வீடு என்று நாங்கள் எழுதவே இல்லையே என்று அந்தத் தம்பி சொல்லியிருப்பார்.